94 நிமிஷ உரையும் ஏழு துண்டுகளும்

2024ஆம் ஆண்டு எங்கள் ஊர் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டோம். திண்டுக்கல்லில் இருந்து ஒரு ஆடிட்டர் வந்து, சரக்கு அனுப்பும்போது போட வேண்டிய இ-வே பில் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். திரையில் 52 படங்கள் போட்டுக் காட்டினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தை ஒரு பையன் கைபேசியில் பதிவு செய்து சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். எல்லோரும் கும்பிடு போட்டார்கள். எத்தனை பேர் முழுதாகப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டாம்.

அதே ஆண்டு டிசம்பரில் கோவைக்கு ஒரு லோடு மிளகு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலை பில் போட்டோம். சனிக்கிழமை மத்தியானம் தாராபுரம் தாண்டி லாரி படுத்துவிட்டது. சாமான் வாங்கி, சரி செய்து, ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்குப் போகும்போது சோதனையில் நிறுத்தினார்கள். பில்லின் ஆயுள் சனி நள்ளிரவோடு முடிந்துபோயிற்று. சரக்கின் விலை 2,40,000 ரூபாய். அதற்கு வரி ஐந்து சதவீதம், அதாவது 12,000. அபராதம் வரியைப்போல் இரண்டு மடங்கு, 24,000. சட்டப்படிதான் வாங்கினார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னை வருத்தியது வேறு. ஆயுள் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்த பிறகு எட்டு மணி நேரம் வரை காரணம் சொல்லி நீட்டித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. டிரைவர் சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தபோதே கடையில் உட்கார்ந்து விண்ணப்பித்திருந்தால் முடிந்திருக்கும். அந்த விதியை ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். பதிவைப் போட்டுத் தேடினேன். 71ஆவது நிமிஷத்தில் சொல்கிறார். அந்த நேரம் நான் முதல் வரிசையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பதும் அதே பதிவில் தெரிகிறது.

அதற்குப் பிறகுதான் இந்த உரையை அவரவர் கடையில் உட்கார்ந்து, அவரவர் நேரத்துக்குப் படித்து, இடையிடையே கேள்விக்குப் பதில் சொல்லித் தாண்டும் பாடமாக மாற்றுவது என்று இறங்கினோம். கல்லூரியில் கணினி படித்த என் பேத்தி கைவேலையைச் செய்தாள். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பது என் பொறுப்பு.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிலையங்கள் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்திலும் ஆரம்பத்தில் மணிக்கணக்கான வகுப்புகளை அப்படியே பதிவு செய்து வைத்தார்கள். 2014 முதல் வாரப் பாடங்களாகப் பிரித்து, வாரம் ஒரு பயிற்சி, கடைசியில் தேர்வு என்று ஆக்கினார்கள். 2017இல் வந்த மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஒரு பாடத்துக்கு நான்கு அங்கம் வேண்டும் என்கிறார்கள்: காணொளி, படிக்கும் பக்கம், தன்னைத்தானே சோதிக்கும் கேள்வி, சந்தேகம் கேட்கும் இடம். முதல் மூன்றை நாங்கள் எடுத்துக்கொண்டோம். நான்காவதற்குத்தான் கடைத்திண்ணை இருக்கிறதே!

முதல் வேலை, கணக்குப் புத்தகம் போல ஒரு பேரேடு எழுதியது. எந்த நிமிஷம், திரையில் எத்தனையாவது படம், என்ன சொல்கிறார், வைக்கலாமா கழிக்கலாமா என்று நான்கு பத்தி. இதற்கு மட்டும் மூன்று சாயங்காலம் ஆயிற்று. வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை 17 நிமிஷம். கேள்வி பதில் 22 நிமிஷம். மீதி 55 நிமிஷத்தில் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்னதும், மைக் கரகரத்ததும் போக, உருப்படியாக நின்றது 34 நிமிஷம்.

பேரேடு எழுதியபோதுதான் ஒரு பிழை கண்ணில் பட்டது. ஆயுளைப் பற்றிப் பேசும்போது ஆடிட்டர் வாயில் 'நூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள்' என்று வந்திருக்கிறது. திரையில் 200 என்று இருக்கிறது. 2021 ஜனவரி முதல் 200தான், அதற்கு முன்புதான் நூறு. பழைய பழக்கம் நாக்கில் வந்துவிட்டது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவருக்கே போன் செய்து சொன்னோம். அந்த இரண்டு நிமிஷத்தைத் தன் அலுவலகத்திலேயே திரும்பப் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். உரையை வெட்டிப் பயன்படுத்த அனுமதியும் அப்போதே எழுதி வாங்கிக்கொண்டோம். பேசியவருக்குக் காட்டாமல் பேச்சை வெட்டக் கூடாது. முன்னே பின்னே போனால் பொருள் மாறிவிடும்.

இன்னொரு இடைஞ்சல், படங்கள். கைபேசிப் பதிவில் திரை வெள்ளையாகத்தான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ஆடிட்டரிடம் அசல் கோப்பை வாங்கி, அவர் குரலை மட்டும் பதிவிலிருந்து எடுத்து, அந்தந்தப் படத்தின் மேல் ஓட்டினோம். அப்படிச் செய்தபோது ஒன்று புரிந்தது. உரையில் 'இதோ இந்தக் கட்டத்தைப் பாருங்கள்', 'இங்கேதான் தப்பு செய்கிறார்கள்' என்று கையை நீட்டி நீட்டிப் பேசுகிறார். கை போய்விட்டால் 'இதோ' என்பது அந்தரத்தில் நிற்கிறது. அப்படி 19 இடம் இருந்தன. ஒவ்வொன்றிலும் படத்தில் சிவப்பு வட்டம் போட்டோம். பதிவை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தால் இந்த இடங்கள் தானாக அகப்படும்.

எங்கே வெட்டுவது என்பதில் எனக்கும் பேத்திக்கும் தகராறு. படம் மாறும் இடத்தில் வெட்டலாம் என்றாள். நான், கடைக்காரன் கேட்கும் கேள்வி முடியும் இடத்தில் வெட்ட வேண்டும் என்றேன். 'எனக்கு பில் வேண்டுமா', 'எவ்வளவு நாள் செல்லும்', 'வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது' என்று ஏழு கேள்வி, ஏழு துண்டு. நீளமானது ஆறரை நிமிஷம். 2014இல் எட்எக்ஸ் பாடங்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் சராசரியாக மக்கள் உட்கார்ந்து பார்ப்பது ஆறு நிமிஷத்துக்குள்தான் என்று வந்ததாகப் பேத்தி சொன்னாள். இரண்டு வாடிக்கைக்கு நடுவே கிடைக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான்.

இனி சோதனைக் கேள்விகள். முதலில் நான் எழுதிய கேள்வி, 'இ-வே பில் எந்த ஆண்டு வந்தது?' எல்லோரும் 2018 என்று சரியாகச் சொன்னார்கள். அதனால் ஒருவருக்கும் காலணா பிரயோஜனமில்லை, தூக்கிவிட்டோம். நல்ல கேள்வி எங்கே கிடைத்தது என்றால், நாங்கள் கழிக்க இருந்த அந்த 22 நிமிஷக் கேள்வி பதிலில். அங்கே நம் ஆட்கள் கேட்டதெல்லாம் அவர்கள் மனதில் இருக்கும் தப்புக் கணக்கு. அந்தத் தப்புகளையே விடைகளாகப் போட்டோம். உதாரணத்துக்கு இது:

'திங்கட்கிழமை இரவு 10 மணிக்கு பில் போட்டீர்கள். தூரம் 180 கிலோமீட்டர். எப்போது வரை செல்லும்?' மூன்று விடைகள்: திங்கள் நள்ளிரவு வரை, செவ்வாய் இரவு 10 மணி வரை, செவ்வாய் நள்ளிரவு வரை. முதலாவது, பில் போட்ட தேதியோடு தீர்ந்தது என்று நினைப்பவர் சொல்வது. இரண்டாவது, 24 மணி நேரம் என்று எண்ணுபவர் சொல்வது. சரியானது மூன்றாவது. பில் போட்டதற்கு அடுத்த நாள் நள்ளிரவில்தான் ஒரு நாள் முடிகிறது. எந்த விடையைத் தொட்டார் என்று பார்த்தாலே அவர் எங்கே வழி தவறினார் என்று தெரிந்துவிடும்.

இதைக் கூகுள் படிவத்தில் செய்தோம். படிவத்தை ஏழு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் காணொளி, கீழே கேள்வி. Go to section based on answer என்ற வசதியைப் போட்டால், 24 மணி நேரம் என்றவரைத் தனிப் பக்கத்துக்கு அனுப்பி, அவருடைய தப்பை மட்டும் விளக்கி, அதே மாதிரி வேறு கணக்கு ஒன்றைக் கொடுக்கலாம். அதே கேள்வியைத் திருப்பிக் கொடுத்தால் மிச்சமிருக்கும் விடையைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 'திண்டுக்கல்லில் இருந்து சென்னைக்கு 430 கிலோமீட்டர் என்றால் எத்தனை நாள்?' என்பது போல எண்ணை எழுத வேண்டிய கேள்விக்கு Response validation போட்டு, 3 என்று எழுதினால்தான் விடும்படி செய்தோம். 2 என்று எழுதினால் 'மிச்சமுள்ள 30 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் உண்டு' என்று வருகிறது. படிவத்திலேயே உள்ள வினாடிவினா முறையில் எல்லாம் எழுதி அனுப்பிய பிறகுதான் சரியா தப்பா என்று சொல்கிறது. இடையில் நிறுத்திக் கேட்பதற்கு அது உதவாது. ஓடும் காணொளியே நின்று கேள்வி கேட்கும் எச்5பி என்ற முறையும் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அதற்குத் தளம் வைத்துப் பராமரிக்க ஆள் வேண்டும். படிவத்தில் காணொளியைப் பார்க்காமலே கேள்விக்குப் போக முடியும். அதைத் தடுக்க வழியில்லை. பார்க்காமலே சரியாகச் சொல்பவரை எதற்குத் தடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

குழுவில் விடுவதற்கு முன் ஒன்பது கடைக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தோம். ஒரு கேள்வியில் ஏழு பேர் ஒரே தப்பு விடையைச் சொன்னார்கள். 'ஒரே பில்லில் வரியுள்ள சரக்கு 84,000, வரியில்லாத உதிரி அரிசி 20,000. தமிழ்நாட்டுக்குள் அனுப்ப இ-வே பில் வேண்டுமா?' எல்லோரும் கூட்டிப் பார்த்து, லட்சத்தைத் தாண்டுகிறது, வேண்டும் என்றார்கள். மாநிலத்துக்குள் வரம்பு ஒரு லட்சம், சரி. ஆனால் வரியில்லாத சரக்கின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது. வரியுள்ள சரக்கின் மீதான வரியைச் சேர்க்க வேண்டும். 84,000க்கு ஐந்து சதவீதம் 4,200, ஆக 88,200. வேண்டியதில்லை. ஒன்பதில் ஏழு பேர் ஒரே குழியில் விழுந்தால் குழி பாதையில் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தால், ஆடிட்டரின் படத்தில் இந்த விவரம் அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில் இருந்தது. அவர் அதை வாயால் சொல்லவே இல்லை. இந்தக் கணக்கையே ஒரு புதுப் படமாக்கி, அவரைப் பேச வைத்துச் சேர்த்தோம். அடுத்த முறை கொடுத்தபோது ஒருவர் மட்டும் தவறினார், அவரும் கண்ணாடி இல்லாமல் படித்தேன் என்றார்.

2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறியபோது 12ம் 28ம் பெரும்பாலும் போய்விட்டன. குளியல் சோப்பு, பிஸ்கட் எல்லாம் ஐந்துக்கு வந்தன. ஒரே நீளக் காணொளியாக இருந்திருந்தால் முழுவதையும் குப்பையில் போட வேண்டியதுதான். எங்களுக்கு மூன்றாவது துண்டு மட்டும் கெட்டது. அதை எடுத்துவிட்டு, விகிதங்களைக் குரலில் வைக்காமல் எழுத்துப் பக்கத்தில் வைத்தோம், எழுத்தை ஒரு நிமிஷத்தில் திருத்தலாம். ஒவ்வொரு துண்டின் தலையிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போட்டிருக்கிறோம்.

எட்டு மணி நேர நீட்டிப்பு இப்போது தனித் துண்டு, ஆறாவது. மூன்றரை நிமிஷம்தான் ஓடும். அதன் கேள்வியை நான்தான் எழுதினேன்: சனி நள்ளிரவு ஆயுள் முடிகிறது, லாரி வழியில் நிற்கிறது, ஞாயிறு காலை எத்தனை மணி வரை நீட்டிக்கலாம்? பதில் எட்டு.