மகோந்தாவில் நம்பப்படாத சாவுகள்

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 1967 நாவல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்'. அதில் ரெமேதியோஸ் என்ற அழகி, துணி மடிக்கும்போதே விரிப்புகளோடு வானேறிப் போகிறாள். வீட்டு மருமகள் பெர்னாந்தாவுக்கோ விரிப்புகள் போன கவலைதான் பெரிது! மகோந்தா ஊர் இதையெல்லாம் இயல்பாக ஏற்கிறது.

அதே ஊரில், வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டுத்தள்ளுகிறது. பிணங்கள் அடுக்கிய ரயிலிலிருந்து தப்பி வந்தவன் சொல்கிறான், மூவாயிரத்துக்கும் மேல் செத்தார்கள் என்று. யாரும் நம்பவில்லை. எதுவும் நடக்கவில்லை, எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள் என்கிறது அரசு.

இந்தப் படுகொலை கற்பனையல்ல. 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனாகாவில், யுனைடெட் புரூட் கம்பெனித் தொழிலாளர்கள் மீது ராணுவம் சுட்டது. செத்தவர்கள் 47 பேர் என்றார் தளபதி கோர்த்தெஸ் வர்காஸ். உண்மைக் கணக்கு இன்றுவரை தீரவில்லை. மூவாயிரம் என்பது மார்க்கேஸ் நாவலுக்காக வைத்துக்கொண்ட எண். பறந்துபோன பெண்ணை நம்பும் ஊரை, கண்ணெதிரே நடந்த கொலையை நம்பாமல் செய்ய அதிகாரத்துக்கு ஓர் அறிவிப்பே போதுமாக இருந்தது.