சைக்கிள் பயிற்சிக்கு ஒரு குறிப்பேடு

சைக்கிள் கற்பவரின் குறிப்பேட்டில் ஒரு நாளுக்கு ஒரு திறன் மட்டுமே இடம்பெறும். முதலாவது சமநிலை, பெரும்பாலும் அதிக நாள் எடுப்பதும் அதுதான். அதற்காக இரு பெடல்களையும் கழற்றிவிட்டு, பாதங்கள் தரையில் முழுதாகப் படியும் அளவுக்கு சீட்டை இறக்க வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது. வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். பிறகு சமதரையில் காலால் உந்தி, இரு கால்களையும் தூக்கி உருள்வதே பயிற்சி.

எத்தனை நொடி உருண்டது, முதலில் ஊன்றியது எந்தக் கால் என்ற இரண்டை மட்டும் எழுதினால் போதும். இரண்டாவதே அதிகம் சொல்லும். “2 நொடி, இடது, 3 நொடி, இடது” என்றே தொடர்ந்தால், வண்டி இடப்பக்கம் சாயும்போது கற்பவர் பயந்து ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்புகிறார் என்று ஊகிக்கலாம். அது சாய்வைக் கூட்டிவிடும். சாயும் பக்கமே திருப்பினால் சக்கரங்கள் உடலுக்கு அடியில் வந்து வண்டி நிமிரும். ஆகவே அடுத்த நாளின் ஒரே பாடம், இடப்பக்கம் மெல்ல வளைவது.

5 நொடி தடுமாறாமல் உருள முடிந்தபின் பிரேக் பயிற்சி. பெடல்களை அதன் பிறகே மாட்டலாம்.