வகுப்பு ரத்து: ஒன்பது கிரெடிட் ஆறாகும்போது

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பருவம் தொடங்கும் நேரத்தில் சில மாணவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். போதிய மாணவர்கள் சேராததால் இந்தப் பாடம் நடக்காது, உங்கள் பெயர் பதிவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, வேறு பாடம் எடுக்க விரும்புவோர் குறிப்பிட்ட தேதிக்குள் மாறிக்கொள்ளலாம் என்று நாலைந்து வரிகளில் அது முடிந்துவிடும். விசாவில் போன மாணவர் அந்த வரிகளைப் படித்ததும் முதலில் செய்ய வேண்டியது, கையில் எத்தனை கிரெடிட் மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பதுதான்.

ஒரு பாடத்துக்குப் பத்துப் பேராவது, பதினைந்து பேராவது சேர வேண்டும் என்று பல கல்லூரிகள் ஓர் எல்லை வைத்திருக்கின்றன. ஐந்தாறு பேர் கட்டும் கட்டணம் ஆசிரியர் சம்பளத்துக்கே போதாது என்பதுதான் காரணம். மாணவர்கள் கடைசி நாள் வரை சேர்ந்துகொண்டும் விலகிக்கொண்டும் இருப்பதால் முடிவும் தாமதமாகிறது.

தமிழ்நாட்டிலிருந்து எம்.எஸ். படிக்கப் போன ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். அவர் மூன்று பாடங்கள் எடுத்திருக்கிறார். ஒவ்வொன்றும் மூன்று கிரெடிட், ஆக ஒன்பது. எஃப்-1 விசாவில் இருப்பவர் முழுநேர மாணவராக இருந்தாக வேண்டும். முதுநிலையில் முழுநேரம் என்பது எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகம் வரையறுக்கிறது. பல இடங்களில் அது ஒன்பது. இளநிலையில் பன்னிரண்டு. இப்போது ஒரு பாடம் ரத்தானதால் அவரிடம் ஆறுதான் இருக்கிறது.

பல்கலைக்கழகமே ரத்து செய்ததால் விசா விதி தன்னை மன்னித்துவிடும் என்று அவர் நினைத்தால் அது தவறு. முழுநேரத்துக்குக் குறைவாகப் படிக்க, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. எனப்படும் பொறுப்பாளர் முன்கூட்டியே அனுமதிக்க வேண்டும். அதற்கான காரணங்கள் குறைவு: மருத்துவர் சான்றளித்த உடல்நலக் குறைவு, புதிய கல்விமுறையிலோ ஆங்கிலத்திலோ தொடக்கத்தில் ஏற்படும் தடுமாற்றம், தகுதிக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்க்கப்பட்டது, படிப்பு முடிய மிச்சமிருக்கும் பாடங்களே குறைவான கடைசிப் பருவம். வகுப்பு ரத்து அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அவர் மூன்று கிரெடிட்டைத் தேடிப் பிடித்தே ஆக வேண்டும்.

முதலில் அதே பாடம் வேறு நேரத்தில், வேறு பிரிவில் நடக்கிறதா என்று பார்க்கிறார். நடக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வேறு வகுப்பு. அந்த வகுப்பை விட்டுவிட்டு அப்புறம் இடம் தேடினால் இரண்டும் கைநழுவலாம். பல பதிவுத் தளங்களில் ‘ஸ்வாப்’ என்றொரு வசதி உண்டு. புதிய இடம் உறுதியானால்தான் அது பழையதை விடுவிக்கும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அதுவும் அமையவில்லை. இணையவழிப் பாடம் ஒன்றில் இடம் இருக்கிறது. ஆனால் ஒரு பருவத்தில் இணையவழியாக ஒரு பாடம், அதாவது மூன்று கிரெடிட் மட்டுமே முழுநேரக் கணக்கில் சேரும். அவர் எடுத்திருக்கும் பாடங்களில் ஒன்று ஏற்கெனவே இணையவழி. இரண்டாவதைச் சேர்த்தால் திரையில் ஒன்பது என்று காட்டும், விசாக் கணக்கிலோ ஆறுதான். பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

மூன்றாவதாக, துறையிலேயே நேரில் நடக்கும் ஒரு விருப்பப்பாடம். அதற்கு முன்தகுதிப் பாடம் வேண்டும் என்று தளம் தடுக்கிறது. அவர் சென்னையில் அதைப் படித்திருக்கிறார். பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் இணைத்து ஆசிரியருக்கு எழுதுகிறார். ஆசிரியர் இசைந்தால் துறை அலுவலகம் தடையை நீக்கும், பிறகு அவரே பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பாடம் பட்டத்துக்குக் கணக்கில் சேருமா என்பதைக் கல்வி ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்கிறார். இடமே கிடைக்காதவர்கள், பருவத்தின் நடுவில் தொடங்கும் குறுகிய பாடம் உண்டா, ஆசிரியரின் மேற்பார்வையில் தனிப்படிப்பாகச் செய்யலாமா என்று கேட்கலாம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் கிரெடிட் ஆகாது.

பணத்திலும் ஒரு கவனம் வேண்டும். பல்கலைக்கழகமே ரத்து செய்த பாடத்துக்கான கட்டணம் வழக்கமாக முழுதாகத் திரும்பும். மாணவரே விலகினால், நாள் தள்ளத்தள்ளத் திரும்பும் பங்கு குறையும். அதனால் பதிவிலிருந்து யார் நீக்கியது என்பதைக் கட்டணக் கணக்கில் சரிபார்த்து, ரத்து மின்னஞ்சலையும் பத்திரப்படுத்த வேண்டும்.

புதிய பாடங்களைச் சேர்க்கும் கெடு பருவம் தொடங்கிய ஓரிரு வாரங்களில் முடிந்துவிடும். அதற்குள் வழி பிறக்காது என்று தெரிந்தால், டி.எஸ்.ஓ.வை அன்றைக்கே பார்ப்பது நல்லது. கெடுவுக்கு முன் போகிறவருக்கு அவர் துறையோடு பேசி இடம் தேட உதவ முடியும். ஆறு கிரெடிட்டோடு பருவம் ஓடிய பிறகு போனால், இழந்த விசாத் தகுதியை மீட்க விண்ணப்பிப்பதோ, நாட்டைவிட்டு வெளியேறிப் புதிதாக நுழைவதோதான் மிஞ்சும்.