விடிய விடிய முழித்திருந்ததாக நினைப்பு... கருவியில் பதிவாவதோ 6 மணி நேர தூக்கம்!

கொடைக்கானல்:-

"ராத்திரி பூரா கண்ணே மூடலை. பொட்டு தூக்கம் இல்லை" என்கிறார் மனைவி. "நான் முழிச்சு பார்த்தப்ப எல்லாம் நீ அசந்து தூங்கிக்கிட்டுத்தானே இருந்தே" என்கிறார் கணவர். காலையில் அடுப்படியிலேயே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் இதில் இருவருமே பொய் சொல்லவில்லை.

தூங்கிய நேரத்தையும் முழித்திருந்த நேரமாக மனசு கணக்கு வைத்துக்கொள்வது ஒரு வகை தூக்கக் கோளாறு. இது தெரியாமல், தூக்கமே வரவில்லை என்று மாத்திரைக்கு மேல் மாத்திரை போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

எப்படி கண்டுபிடித்தார்கள்?

1976-ம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், தூக்கமின்மை என்று வந்த 122 பேரை பரிசோதனைக் கூடத்தில் படுக்க வைத்தனர். தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளை இரவு முழுவதும் பதிவு செய்தனர். காலையில் அவர்கள் சொன்ன கணக்கையும் கருவியின் கணக்கையும் ஒப்பிட்டபோது, பெரும்பாலானோர் தூங்கிய நேரத்தை குறைத்தே சொன்னது தெரியவந்தது.

2002-ம் ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வில், தூக்கமின்மை உள்ளவர்களை கருவி "தூங்குகிறார்" என்று காட்டும் நேரத்திலேயே எழுப்பி கேட்டனர். "நான் முழிச்சுத்தானே இருந்தேன்" என்று பலர் சொன்னார்கள்.

காரணம் என்ன?

தூக்கம் என்பது சுவிட்ச் போட்டால் அணையும் விளக்கு மாதிரி அல்ல. கருவி 30 வினாடிக்கு ஒரு தரம் "தூக்கம்" அல்லது "விழிப்பு" என்று குறிக்கிறது. ஆனால் தூங்கும்போதும் மூளையின் ஒரு பகுதி காவல்காரன் போல விழித்திருக்கலாம். அப்போது யோசனை ஓடிக்கொண்டே இருப்பது போல தோன்றும். அதனால் இவர்களை "நடிக்கிறார்" என்று சொல்வது தவறு. அவர்களுக்கு அது உண்மையான அனுபவம்.

இன்னொரு காரணமும் உண்டு. தூக்கமின்மை உள்ளவர்களுக்கு கால் மணி நேரமாவது இடையில் முழிப்பு வராமல் தூங்கினால்தான் "தூங்கினோம்" என்ற உணர்வு வருகிறது என 1983-ம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. பத்து நிமிடம் தூக்கம், ஒரு நிமிடம் முழிப்பு என்று துண்டு துண்டாக போனால், மனசில் நிற்பது முழிப்பு மட்டுமே.

ஒரு உதாரணம்

பூம்பாறை பக்கம் பூண்டு தோட்டத்தில் கூலி வேலை செய்யும் 50 வயது பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 7 ஆயிரம் அடி உயர மலையில் இரவுக் குளிர் தாங்காது. 8 மணிக்கே கம்பளிக்குள் புகுந்துவிடுகிறார். காலை 5.30-க்கு எழுகிறார். ஆக, படுக்கையில் ஒன்பதரை மணி நேரம். தூங்கியது ஒரு மணி நேரம் என்கிறார். பரிசோதித்தால் 6 மணி நேரம் பதிவாகிறது.

மீதி மூன்றரை மணி நேரம் உண்மையான முழிப்புதான். அது மொத்தமாக வரவில்லை. இரவு பூரா சிதறிக் கிடக்கிறது. 10 மணிக்கு நாய் குரைத்தது, 12 மணிக்கு தகரத்தில் மழை, 3 மணிக்கு குளிர் என்று முழித்த நேரங்கள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் தூங்கியது ஞாபகத்தில் இல்லை. 6 மணி நேர தூக்கத்தை ஒன்பதரை மணி நேரத்துக்கு இழுத்துப் போர்த்தியதால் வந்த வினை இது.

இவருக்கு என்ன வழி?

முதலில், காலை எழும் நேரம் 5.30 என்பதை மாற்றக்கூடாது. படுக்கும் நேரத்தை இரவு 11 ஆக தள்ளிப்போட வேண்டும். அதாவது படுக்கையில் ஆறரை மணி நேரம் மட்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "ஒரு மணி நேரம்தான் தூங்குறேன்" என்ற அவரது கணக்கை வைத்து நேரத்தை இன்னும் குறைக்கக்கூடாது. கருவியின் கணக்குதான் அளவு. கருவி இல்லை என்றாலும் ஐந்தரை மணி நேரத்துக்கு கீழே போகக்கூடாது.

11 மணி வரை அடுப்படியில் உட்கார்ந்து பாத்திரம் ஒதுக்கலாம், ரேடியோ கேட்கலாம். குளிருக்காக பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பது மட்டும் வேண்டாம். அந்தப் புகை உயிரை குடித்துவிடும்.

கடிகாரத்தை சுவர் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். செல்போனில் மணி பார்க்கக்கூடாது. மணி பார்க்கும் ஒவ்வொரு தடவையும் முழிப்பு மனசில் பதிகிறது. தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து உட்கார்ந்து, கண் சொருகும்போது மறுபடி படுக்கலாம்.

இப்படி செய்தால் சிதறிய தூக்கம் ஒன்று சேரும். தொடர்ந்து தூங்கும்போதுதான் "தூங்கினேன்" என்ற உணர்வும் வரும். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 100-க்கு 85 பங்கு தூக்கம் என்று ஆனதும், வாரத்துக்கு 15 நிமிடம் முன்னதாக படுக்கலாம்.

யார் செய்யக்கூடாது?

முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் சொக்கும். எனவே வத்தலக்குண்டு, பழனி மலைச்சாலைகளில் வேன், லாரி ஓட்டுபவர்கள் இதை தாங்களாக ஆரம்பிக்கக்கூடாது. வலிப்பு நோய், கடுமையான மனநோய் உள்ளவர்களும் டாக்டர் சொல்லாமல் செய்யக்கூடாது.

எப்படி இனம் காண்பது?

உண்மையிலேயே தினமும் ஒரு மணி நேரம்தான் தூங்குபவர், பகலில் உட்கார்ந்த இடத்தில் சாய்ந்துவிடுவார். பஸ் பெருமாள்மலை தாண்டுவதற்குள் தலை தொங்கிவிடும். இந்த கோளாறு உள்ளவருக்கோ உடம்பு அசதி இருக்கும், ஆனால் பகலில் படுத்தாலும் தூக்கம் வராது.

மாறாக பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலில் தூங்கி வழிதல் இருந்தால் அது மூச்சுத் தடை நோயாக இருக்கலாம். அவர்களுக்குத்தான் இரவு பரிசோதனை அவசியம். மதுரை போன்ற பெரிய ஊர்களில் இந்த வசதி உண்டு. கையில் கட்டும் வாட்ச் காட்டும் கணக்கு சரியாக இருக்காது. அசையாமல் முழித்துக் கிடந்தாலும் அது தூக்கம் என்றே காட்டிவிடும்.

மாத்திரை போடுபவர்கள் திடீரென நிறுத்தவும் கூடாது, தூக்கம் போதவில்லை என்று தாங்களாக கூட்டவும் கூடாது. தூக்க மாத்திரையின் மயக்கம் மறுநாள் காலை வரை நிற்கலாம். சரிவான தோட்டத்தில் கால் வழுக்கினால் எலும்பு முறியும். டாக்டரைக் கேட்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

"நீ தூங்குனதை நான் பார்த்தேன்" என்று வாதாடினால் கோபம்தான் மிஞ்சும். 2004-ம் ஆண்டு வெளியான ஆய்வில், தூக்கமின்மை உள்ளவர்களிடம் அவர்கள் எழுதிய கணக்கையும் கருவியின் கணக்கையும் பக்கத்தில் வைத்து விளக்கிக் காட்டினர். அதன்பின் அவர்கள் சொன்ன கணக்கு உண்மையை நெருங்கி வந்தது. தூக்கம் பற்றிய கவலையும் குறைந்தது.

அந்த பூண்டு தோட்டத்து அம்மாவுக்கும் அவர் கணவர் சொல்ல வேண்டியது இதுதான். "நீ பட்ட அவதி நிஜம். ஆனா உடம்புக்கு தேவையான தூக்கம் உள்ளே போயிருக்கு. பயப்படாதே." இன்றைக்கும் தூக்கம் போய்விடுமோ என்ற பயம்தான் அந்த காவல்காரனை உட்கார விடாமல் வைத்திருக்கிறது.

மனக்கவலையால் தூக்கம் கெடுகிறது என்றால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.