வளையத்துக்குள் எவ்வளவு ரப்பர்?

ஹைட்ராலிக் ஜாக்கில் எண்ணெய் வெளியே கசியாமல் காப்பது பெரும்பாலும் ஒரு சிறிய ரப்பர் வளையம். உதிரிபாகக் கடைகளில் ஓ-ரிங் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உலோகத்தில் கடைந்த ஒரு பள்ளத்துக்குள் அது நசுங்கி உட்கார்ந்திருக்கும். ரப்பரை நசுக்கலாம், ஆனால் அதன் கன அளவைக் குறைக்க முடியாது. மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும், அவ்வளவுதான். ஆகவே பள்ளத்தைக் கடைவதற்கு முன்பே, வளையத்தில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

இதற்கு இரண்டு அளவுகள் போதும். வளையத்தின் வெளிவிட்டம் 50 மில்லிமீட்டர், உள்விட்டம் 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10. அதில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். எனவே ரப்பரின் தடிமன் 5 மி.மீ. வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் 5 மி.மீ. விட்டமுள்ள வட்ட முகம் தெரியும். அதன் பரப்பு 19.63 சதுர மி.மீ.

வெட்டிய வளையத்தை நிமிர்த்தினால் ஓர் உருளை கிடைக்கும். அதன் நீளம் என்ன என்பதுதான் கேள்வி. உள்விளிம்பின் சுற்றளவு 125.7 மி.மீ., வெளிவிளிம்பின் சுற்றளவு 157.1 மி.மீ. இரண்டில் எதை எடுத்தாலும் தவறு. இரண்டு விட்டங்களின் சராசரி 45 மி.மீ. ரப்பரின் நடுவே ஓடும் வட்டத்தின் விட்டம் இதுதான். அதன் சுற்றளவான 141.4 மி.மீ.தான் உருளையின் நீளம். பரப்பை நீளத்தால் பெருக்கினால் 2,776 கன மி.மீ., அதாவது ஏறக்குறைய 2.8 மில்லிலிட்டர். வெளிவிட்டத்தை D என்றும் உள்விட்டத்தை d என்றும் எழுதினால் மொத்தக் கணக்கும் ஒரே வரியில் அடங்கும்:

V = π² (D + d)(D − d)² / 32

சராசரி என்றதும் இது தோராயமான விடை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இது துல்லியமான விடை. ஜெர்மானிய வானியலாளர் கெப்ளர் 1615இல் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வளையத்தின் கன அளவையும் அதில் ஆராய்ந்தார். வளையத்தின் மையத்திலிருந்து கத்தியை வைத்து மெல்லிய வில்லைகளாக நறுக்குவதாக அவர் எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு வில்லையும் வெளிப்பக்கம் தடித்தும் உள்பக்கம் மெலிந்தும் இருக்கும். நடுவிலிருந்து வெளியே ஒரு மில்லிமீட்டர் தள்ளி எவ்வளவு கூடுகிறதோ, உள்ளே ஒரு மில்லிமீட்டர் தள்ளி அதே அளவு குறைகிறது. வட்ட முகம் இருபுறமும் ஒரே வடிவம் என்பதால் கூடுவதும் குறைவதும் முழுதாகக் கழிந்துவிடும். மிஞ்சுவது நடுவின் தடிமன் மட்டுமே. எவ்வளவு அழகான வாதம்!

சூத்திரத்தில் (D − d) இருமுறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். ஆபத்து அங்கேதான். ரப்பர் இழுபடும் பொருள். காலிபரின் தாடைகளை உள்ளே வைத்துச் சற்று அழுத்தமாகத் திறந்தால் 40 என்பது 40.4 ஆகக் காட்டும். இது வெறும் ஒரு சதவீதப் பிழை. ஆனால் தடிமன் 4.8 ஆகி, கன அளவு 2,570க்கு இறங்கிவிடும். ஏழரை சதவீதம் காணாமல் போகிறது! அதனால் தடிமனை நேரடியாக, வளையத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து பார்ப்பதே நல்லது. ஓ-ரிங்குகளின் அளவை உள்விட்டம், தடிமன் என்ற இரண்டால் குறிப்பிடும் வழக்கமும் இதற்கு வசதியாக இருக்கிறது.

ரப்பரின் முகம் வட்டமாக இருந்தால்தான் இந்தச் சூத்திரம் செல்லும். குழாய் இணைப்புகளில் வைக்கும் தட்டையான வாஷருக்கு இரு விட்டங்கள் போதாது, உயரமும் வேண்டும். நம் வளையத்தின் அதே விட்டங்களோடு 5 மி.மீ. உயரமுள்ள வாஷரின் கன அளவு 3,534 கன மி.மீ. இதைத் தவறாக ஓ-ரிங்குக்குப் போட்டுவிட்டால், இல்லாத ரப்பரை 27 சதவீதம் கூட்டியதாகிவிடும். காற்றடித்த டியூபும் தனியே உருண்டு நிற்கும்போது மட்டுமே கணக்குக்கு ஒத்துவரும். டயருக்குள் போனதும் டயரின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

இனி பள்ளத்துக்கு வருவோம். ஆழம் 4 மி.மீ., அகலம் 5.5 மி.மீ., நடுவட்டம் அதே 45 மி.மீ. என்றால் பள்ளத்தின் கன அளவு சுமார் 3,110 கன மி.மீ. வளையம் 2,776. இடம் இருப்பதாகத்தான் தெரியும். ஆனால் சில எண்ணெய்களில் ஊறினால் ரப்பர் உப்பும். 15 சதவீதம் உப்பினால் 3,192 ஆகிவிடும், பள்ளம் கொள்ளாது. வழிந்த ரப்பர் உலோக இடுக்குக்குள் புகுந்து நறுக்கப்படும். கழற்றிப் பார்த்தால் வளையத்தின் ஒரு விளிம்பு கொறித்ததுபோல் பிய்ந்திருக்கும். அதே பள்ளத்தை 6.5 மி.மீ. அகலத்தில் கடைந்தால் 3,676 கன மி.மீ. இடம் கிடைக்கும். வளையம் முக்கால் பாகத்தை நிரப்பும், உப்பினாலும் 87 சதவீதத்தைத் தாண்டாது.