கீழே பூஜ்ஜியம் வந்தால்

டீக்கடையில் இரண்டு மேசைகள். ஒரு மேசையில் மூன்று டீ, இரண்டு வடை. பில் 65 ரூபாய். அடுத்த மேசையில் இரண்டு டீ, ஐந்து வடை. பில் 80 ரூபாய். விலைப்பட்டியல் எங்கும் ஒட்டப்படவில்லை. டீ என்ன விலை, வடை என்ன விலை?

டீயின் விலையை x என்றும் வடையின் விலையை y என்றும் வைத்தால், 3x + 2y = 65, 2x + 5y = 80 என்று இரண்டு சமன்பாடுகள் கிடைக்கின்றன. வடையை ஒதுக்கிவிட்டு டீயை மட்டும் பார்க்க ஒரு வழி உண்டு. முதல் பில்லை ஐந்தால் பெருக்குங்கள், இரண்டாவதை இரண்டால் பெருக்குங்கள். இரண்டிலும் பத்து வடை வந்துவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வடை மறைந்துபோகும்; மிஞ்சுவது 11x = 165. டீ 15 ரூபாய்.

இந்த 11 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மூன்றை ஐந்தால் பெருக்கி, இரண்டை இரண்டால் பெருக்கிக் கழித்ததுதான் அது. 165-உம் அப்படியே வந்தது. டீயின் எண்ணிக்கை நின்ற இடத்தில் பில் தொகை நிற்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. சதுரமாக எழுதிய எண்களை இப்படிக் குறுக்கே பெருக்கிக் கழிப்பதைத்தான் அணிக்கோவை என்கிறோம்.

```
Δ  = | 3  2 | = 3×5 − 2×2 = 11
     | 2  5 |

Δ₁ = | 65  2 | = 65×5 − 2×80 = 165
     | 80  5 |

Δ₂ = | 3  65 | = 3×80 − 65×2 = 110
     | 2  80 |
```

x-ஐக் காண முதல் நிரலில் பில் தொகைகளை வைக்கிறோம், y-ஐக் காண இரண்டாம் நிரலில். 165-ஐ 11-ஆல் வகுத்தால் டீ 15 ரூபாய், 110-ஐ 11-ஆல் வகுத்தால் வடை 10 ரூபாய். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் கிராமரின் விதி என்ற பெயரில் இருப்பது இதுதான். மாணவர்கள் இதை x = Δ₁/Δ என்ற பின்னமாகவே மனப்பாடம் செய்கிறார்கள். வகுப்பதற்கு முந்தைய நிலையில், Δ × x = Δ₁ என்று இதை நினைவில் வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் Δ பூஜ்ஜியமாகும்போது பின்னம் வாய்மூடிவிடுகிறது; இந்த வடிவமோ தொடர்ந்து பேசுகிறது.

இரண்டாம் மேசையில் ஆறு டீ, நான்கு வடை என்று வைத்துக்கொள்வோம். Δ = 3×4 − 2×6 = 0. பில் 130 ரூபாய் என்றால் Δ₁-உம் 65×4 − 2×130 = 0. ஆக, 0 × x = 0. எந்த x-ஐப் போட்டாலும் இது பொருந்தும். காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது: இரண்டாம் பில் முதல் பில்லின் இரட்டிப்பு. புதிதாக எதையும் அது சொல்லவில்லை. டீ 15, வடை 10 என்றாலும் சரி, டீ 11, வடை 16 என்றாலும் சரி, பில்கள் ஒத்துப்போகும். தீர்வுகளுக்குக் கணக்கே இல்லை.

அதே ஆறு டீக்கும் நான்கு வடைக்கும் 140 ரூபாய் வாங்கியிருந்தால்? Δ₁ = 65×4 − 2×140 = −20. 0 × x = −20 என்று ஆகிறது. எந்த எண்ணும் இதை நிறைவு செய்யாது. ஏதோ ஒரு பில் தவறு, அல்லது இரண்டு மேசைக்கும் ஒரே விலை போடவில்லை. வரைபடத்தில் ஒவ்வொரு சமன்பாடும் ஒரு நேர்கோடு. Δ பூஜ்ஜியமில்லை என்றால் கோடுகள் ஒரே இடத்தில் வெட்டும். பூஜ்ஜியம் என்றால் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும், அல்லது சேராமல் இணையாக ஓடும்.

ஜெனீவாவைச் சேர்ந்த காப்ரியேல் கிராமர் 1750-இல் இந்த விதியை வெளியிட்டார். அவருக்கு முன்பே 1748-இல் வெளிவந்த மெக்லாரினின் இயற்கணித நூலில் இது இருக்கிறது. அணிக்கோவை என்ற எண்ணமோ இன்னும் பழையது, 1683-இல் ஜப்பானில் செக்கி தகாகசு அதை எழுதியிருக்கிறார். கிராமரின் அக்கறை வளைகோடுகளின் மேல் இருந்தது. இத்தனை புள்ளிகள் வழியாகச் செல்லும் வளைகோட்டின் சமன்பாடு எது என்று காணும்போது நேரியல் சமன்பாடுகள் குவிந்தன. அவற்றைத் தீர்க்கும் விதியைத் தன் நூலின் பிற்சேர்க்கையில் வைத்தார்.

அங்கேதான் ஒரு புதிர் முளைத்தது. மூன்றாம் படி வளைகோடு ஒன்றை நிர்ணயிக்கப் பொதுவாக ஒன்பது புள்ளிகள் போதும். ஒன்பது புள்ளிகள், ஒன்பது சமன்பாடுகள், ஒன்பது மாறிகள். ஆனால் இரண்டு மூன்றாம் படி வளைகோடுகள் ஒன்றையொன்று ஒன்பது புள்ளிகளில் வெட்டக்கூடும். அப்படியானால் அந்த ஒன்பது புள்ளிகள் வழியாக இரண்டு வளைகோடுகள் போகின்றனவே, ஒன்றைத்தான் நிர்ணயிக்கும் என்பது என்னவாயிற்று? ஆய்லர் 1750-இல் வெளிவந்த கட்டுரையில் இதற்கு விடை சொன்னார். விடையைத் தொடங்கிய இடம் மிக எளிது: 3x − 2y = 5, 4y = 6x − 10. எழுதிய விதம் வேறு, சொல்லும் செய்தி ஒன்றே. மாறிகள் எத்தனையோ அத்தனை சமன்பாடுகள் இருப்பதால் மட்டும் தீர்வு நிச்சயமாகிவிடாது. ஒவ்வொன்றும் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். ஒன்பது புள்ளிகளின் சமன்பாடுகளில் ஒன்று மற்ற எட்டுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கலாம்.

இரண்டு சமன்பாடுகளில் இந்த அடக்கம் பார்த்தாலே தெரியும். மூன்றில் அது ஒளிந்துகொள்ளும். டீ, வடையோடு காபியையும் (z) சேர்ப்போம். முதல் மேசை: ஒரு டீ, இரண்டு வடை, ஒரு காபி, 55 ரூபாய். இரண்டாவது: இரண்டு டீ, ஒரு வடை, மூன்று காபி, 100 ரூபாய். மூன்றாவது: மூன்று டீ, ஒரு வடை, இரண்டு காபி, 95 ரூபாய். மூன்று நிரை உள்ள அணிக்கோவையை முதல் நிரை வழியாக விரிக்கலாம். முதல் நிரையின் ஓர் எண்ணை எடுத்து, அது நிற்கும் நிரையையும் நிரலையும் மறைத்து, மிஞ்சும் சிறிய சதுரத்தின் மதிப்பால் பெருக்க வேண்டும். குறிகள் கூட்டல், கழித்தல், கூட்டல் என மாறி வரும்.

```
    | 1  2  1 |
Δ = | 2  1  3 |
    | 3  1  2 |

Δ = 1(1×2 − 3×1) − 2(2×2 − 3×3) + 1(2×1 − 1×3)
  = −1 + 10 − 1 = 8
```

நடுவில் உள்ள கழித்தல் குறியை விட்டுவிடுவதுதான் தேர்வுத்தாளில் அதிகம் நடக்கும் பிழை. கிடைத்த விலைகளை மூன்று சமன்பாடுகளிலும் போட்டுப் பார்த்தால் அது உடனே தெரிந்துவிடும். பில் தொகைகளை ஒவ்வொரு நிரலிலும் மாற்றி வைத்தால் 120, 80, 160 வரும். எட்டால் வகுத்தால் டீ 15, வடை 10, காபி 20.

இப்போது மூன்றாம் மேசையின் பில்லை மாற்றுவோம்: மூன்று டீ, மூன்று வடை, நான்கு காபி, 155 ரூபாய். எந்தப் பில்லும் இன்னொன்றின் மடங்கு இல்லை, மேலோட்டமாகப் பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் Δ = 1(4 − 9) − 2(8 − 9) + 1(6 − 3) = 0. முதல் இரண்டு பில்களையும் கூட்டிப் பாருங்கள். மூன்றாவது அப்படியே வந்துவிடும். டீ 15, வடை 10, காபி 20 என்பதும் பொருந்தும். டீ 20, வடை 9, காபி 17 என்பதும் பொருந்தும். தொகை 160 ஆக இருந்திருந்தால் Δ₁ = 25 வரும், தீர்வே இருக்காது. கண்ணுக்குத் தப்பியதை அணிக்கோவை பிடித்துக் கொடுக்கிறது.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. Δ, Δ₁, Δ₂, Δ₃ நான்கும் பூஜ்ஜியம் என்றால் எண்ணற்ற தீர்வுகள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இரண்டு மாறிகளில் அது சரி. மூன்றில் எப்போதும் சரியல்ல. மூன்று மேசைகளிலும் டீ, வடை, காபி சம எண்ணிக்கையில் வாங்கினார்கள் என்று வையுங்கள்: முதல் மேசையில் ஒவ்வொன்று, 45 ரூபாய், இரண்டாவதில் இரண்டிரண்டு, 95 ரூபாய், மூன்றாவதில் மும்மூன்று, 140 ரூபாய். எந்த அணிக்கோவையை எடுத்தாலும் அதில் இரண்டு நிரல்கள் ஒன்றேயாக இருக்கும், ஆகவே நான்கும் பூஜ்ஜியம். ஆனால் தீர்வு கிடையாது; 45-இன் இரட்டிப்பு 90, பில்லோ 95.

Δ × x = Δ₁ என்பதை மறுபடி படித்தால் காரணம் விளங்கும். தீர்வு என்று ஒன்று இருந்தால் அது இந்த வரியை நிறைவு செய்யும். அவ்வளவுதான் அது தரும் உறுதி. 0 × x = 0 என்ற வரி தீர்வு இருக்கிறது என்று எங்கும் சொல்லவில்லை. எனவே நான்கும் பூஜ்ஜியமானால், Δ-வுக்குள் இருக்கும் இரண்டுக்கு இரண்டு சிற்றணிக்கோவைகளைப் பாருங்கள். ஒன்றாவது பூஜ்ஜியமில்லை என்றால் எண்ணற்ற தீர்வுகள் உண்டு. எல்லாமே பூஜ்ஜியம் என்றால் மூன்று சமன்பாடுகளின் இடப்பக்கமும் ஒன்றின் மடங்குகளே. வலப்பக்கமும் அதே மடங்கில் இருக்கிறதா என்று நேரடியாகச் சரிபார்க்க வேண்டும்.

வகுப்பறையில் Δ ஒன்று பூஜ்ஜியம், அல்லது பூஜ்ஜியமில்லை. கடையில் அப்படி இல்லை, ஏனென்றால் பில் தொகையை ஒரு ரூபாய் கூட்டியோ குறைத்தோ போடுவார்கள். பத்து டீ, ஒன்பது வடை 240 ரூபாய். பதினொரு டீ, பத்து வடை 265 ரூபாய். Δ = 100 − 99 = 1. டீ 15, வடை 10 என்று சரியாகவே வருகிறது. இரண்டாம் பில்லை 266 ஆக்குங்கள். டீ 6 ரூபாய், வடை 20 ரூபாய் ஆகிவிடும்! முதலில் பார்த்த இரண்டு மேசைகளில் 80-ஐ 81 ஆக்கினால் டீ 15-லிருந்து 14.82-க்குத்தான் இறங்கும். அங்கே Δ என்பது 15 − 4. இங்கே 100 − 99. கழிக்கும் இரண்டு எண்களும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதுதான் ஆபத்தின் அடையாளம். Δ-வின் அளவை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. இரண்டு பில்களையும் பத்து மடங்காக்கினால் Δ நூறாகிவிடும், ஆனால் விடை முன்போலவேதான் ஆட்டம் காணும்.

இப்படிப்பட்ட இரண்டு பில்களை வைத்துக்கொண்டு தசம இடங்களை நீட்டிப் பயனில்லை. இன்னொரு மேசையின் பில்லைக் கேளுங்கள், டீயும் வடையும் வேறு விகிதத்தில் வாங்கிய மேசையாக அது இருக்கட்டும்.