பன்னிரண்டு பெட்டியை விழுங்கின கமெரா

இந்தக் கிழமை எபிசோட்டில் சிமுலேஷன் படங்களை வைத்து டிடெக்டர் பழக்குவது பற்றிக் கதைத்தோம். அதில் பாண் பெட்டிக் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். முழுக்க எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள், இதோ.

டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. கடைகளுக்குப் பாண் கொண்டுபோகிற டிரைவர்மார் வெறும் பிளாஸ்டிக் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். குறைந்தால் அந்தக் காசு டிரைவரின் கணக்கில் போகும். பெட்டிகளை இறக்குகிற இடத்தில் மூன்று கமெராக்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றை வைத்தே பெட்டிகளை எண்ணுகிற சொஃப்ட்வெயார் செய்துதருவதுதான் என் கொன்ட்ராக்ட். இரண்டு மாதப் பரீட்சார்த்தம், அதுவரை பேப்பரில் எழுதுகிற கணக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு கமெரா சொல்வதுதான் கணக்கு.

முதல் கிழமையே ஒரு டிரைவர் அண்ணை என்னைப் பிடித்தார். "தம்பி, நான் நாற்பது பெட்டி இறக்கினனான். உங்கட கமெரா பன்னிரண்டை விழுங்கிட்டுது. இனி இதுதான் கணக்கெண்டால் என்ட சம்பளத்திலதானே கை வைப்பாங்கள்?"

அவர் சொன்னது சரி. வீடியோவில் நானும் எண்ணிப் பார்த்தேன், நாற்பதுதான்.

பிழை என்னுடையது. ஆயிரக்கணக்கான உண்மைப் படங்களில் ஒவ்வொரு பெட்டியையும் கையால் கோடு போட்டுக் குறிக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. அதனால் பிளெண்டரில் படங்களை நானே உருவாக்கினேன். இதில் பெரிய லாபம் லேபிள்தான். எந்தப் பிக்சல் எந்தப் பெட்டிக்குரியது என்று ரெண்டர் செய்கிற மென்பொருளுக்கே தெரியும், ஆகவே குறிக்கிற வேலை இல்லை. ஆனால் நான் ஆசைப்பட்டு அந்த இடத்தை அச்சொட்டாக அதே மாதிரிச் செய்துவிட்டேன். தரையைப் படமெடுத்து ஒட்டினேன், லைட்டுகளை அளந்து அதே இடத்தில் வைத்தேன். பார்க்க அவ்வளவு வடிவு. சிமுலேஷன் படங்களில் சோதித்தால் நூறில் 98 பெட்டியைப் பிடித்தது. உண்மைக் கமெராவில் பாதியைத்தான் பிடித்தது.

காரணம் இதுதான். என்னுடைய படங்கள் எல்லாவற்றிலும் ஒரே தரை, ஒரே வெளிச்சம். டிடெக்டர் பெட்டியின் உருவத்தைப் படிக்கவில்லை, "சாம்பல் தரையில் நீலமாக ஒன்று" என்பதைத்தான் படித்தது. உண்மையில் பின்னேரம் கதவால் வெயில் சரிந்து விழும். பனி உருகித் தரை ஈரமானால் லைட் அதில் பளபளக்கும். இருட்டானதும் கமெரா இன்ஃப்ராரெட்டுக்கு மாறி, படமே கறுப்பு வெள்ளையாகிவிடும். நீலம் எங்கே இருக்கும்?

இதற்கான வழியை 2017இல் ஜோஷ் டோபினும் கூட்டாளிகளும் எழுதியிருந்தார்கள். பெயர் டொமெய்ன் ரண்டமைசேஷன். படம் உண்மை போல இருக்கத் தேவையில்லை, படத்துக்குப் படம் எல்லாமே மாறிக்கொண்டிருந்தால் போதும். தரை ஒருமுறை மரம், ஒருமுறை சதுரங்கப் பலகை, ஒருமுறை ஊதாக் கோடு. அப்போது மாறாமல் இருப்பது பொருளின் உருவம் மட்டும்தான், டிடெக்டருக்கு அதைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. அதன்பிறகு உண்மையான இடமும் அதற்கு இன்னொரு விசித்திரப் படம், அவ்வளவுதான். அவர்கள் உண்மைப் படம் ஒன்றுகூடக் காட்டாமல் பழக்கி, மேசையில் இருந்த பொருட்களின் இடத்தைச் சுமார் 1.5 சென்ரிமீற்றர் துல்லியத்தில் கண்டுபிடித்தார்கள்.

நானும் பிளெண்டர்புரொக்கில் திரும்ப எழுதினேன். லைட்டின் எண்ணிக்கை, இடம், நிறம், தரை, சுவர், பெட்டியின் நிறம், கமெராவின் கோணம், எல்லாமே குலுக்கல். பெட்டி இல்லாத பொருட்களையும் கண்டபடி தூவினேன், இல்லாவிட்டால் அட்டைப்பெட்டியைக் கண்டாலும் "பெட்டி" என்று சொல்லும். ரெண்டர் முடிந்தபிறகு அசைவு மங்கல், இரைச்சல், மட்டமான JPEG சுருக்கம் எல்லாம் சேர்த்தேன், ஏனென்றால் கூரையில் தொங்குகிற மலிவுக் கமெரா அப்படித்தான் பார்க்கும்.

இதில் ஒரு சின்ன இடத்தில் சறுக்கினேன். லைட்டின் பலத்தை 50 வாட்டுக்கும் 1500 வாட்டுக்கும் இடையில் சீராகக் குலுக்கினேன். அப்படிச் செய்தால் 200க்குக் கீழே வருவது பத்தில் ஒன்றுதான். கிட்டத்தட்ட எல்லாப் படமும் வெளிச்சம், இருட்டுப் படத்துக்குப் பஞ்சம். லொக் அளவில் குலுக்கினால் பத்தில் நாலு 200க்குக் கீழே வரும்.

```python
import blenderproc as bproc
import numpy as np

light = bproc.types.Light()
light.set_type("POINT")
light.set_location(np.random.uniform([-4, -4, 2], [4, 4, 6]))
light.set_energy(np.exp(np.random.uniform(np.log(50), np.log(1500))))
```

இப்போது சிமுலேஷன் மதிப்பெண் 98இலிருந்து 91க்கு இறங்கியது. பதறவேண்டாம், பரீட்சை கஷ்டமாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த எண்ணை நம்புவதையே நான் விட்டுவிட்டேன். காலை, பின்னேரம், இரவு என்று பிரித்து 300 உண்மைப் படங்களைக் கையால் குறித்து, பழக்குவதற்குத் தொடாமல் தனியே வைத்திருந்தேன். பார்க்கவேண்டிய எண் அதில்தான். அங்கே பாதியாக இருந்தது 86 ஆனது, இரவுப் படங்களில்தான் ஆகக்கூடிய ஏற்றம்.

சந்தோஷத்தோடு அந்த அண்ணையின் வீடியோவை ஓடவிட்டேன். இருபத்தொன்பது! ஒன்றே ஒன்றுதான் கூடியிருந்தது.

உற்றுப் பார்த்தபோதுதான் விளங்கியது. பாண் பெட்டியை ஒரு பக்கமாக வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும், மறுபக்கம் திருப்பினால் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும். வெறும் பெட்டியை எல்லா டிரைவரும் இரண்டாவது மாதிரித்தான் அடுக்குவார்கள். அப்போது வெளியே தெரிவது இரண்டு விரல் அகல விளிம்பு மட்டும். என்னுடைய சிமுலேஷனில் பெட்டிகள் மேலேயிருந்து விழுந்து சிதறிக் கிடந்தன, ஒரு அடுக்குக்கூட இல்லை. அதைவிட மோசம், இருபது வீதத்துக்குக் குறைவாகத் தெரிகிற பெட்டிகளை லேபிளிலிருந்து நீக்கு என்று நானே எழுதியிருந்தேன். விளிம்பைப் பார்த்தால் எண்ணாதே என்று நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

வெளிச்சத்தையும் நிறத்தையும் எவ்வளவு குலுக்கினாலும் இது சரிவராது. அது பொருள் எப்படித் தெரிகிறது என்பதன் வித்தியாசம், இது பொருட்கள் எப்படி இருக்கின்றன என்பதன் வித்தியாசம். இரண்டாவதற்குக் கணினியில் விடை இல்லை. அரை நாள் அங்கே போய் நின்று, டிரைவர்மார் எப்படி இறக்குகிறார்கள் என்று பார்த்தேன். பிறகு 2 முதல் 15 பெட்டி வரையான அடுக்குகளைக் கோணல்மாணலாகச் சேர்த்தேன், விளிம்பு தெரிந்தாலும் லேபிள் இருக்கட்டும் என்று மாற்றினேன். கடைசியில், சோதனைப் படங்களைத் தொடாமல், புதிதாகக் குறித்த 150 உண்மைப் படங்களால் கொஞ்சம் பழக்கினேன். மதிப்பெண் 96.

ஒரு கமெரா மட்டும் திருந்தவில்லை. அது நேர் மேலேயிருந்து கீழே பார்க்கிறது, அடுக்கில் மேல் பெட்டியைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. படத்திலேயே இல்லாததை எந்த டிடெக்டராலும் எண்ண முடியாது. அதைப் பக்கச் சுவருக்கு மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள்.

அண்ணையின் வீடியோவில் இப்போது நாற்பது வருகிறது. ஆனாலும் நூறில் நாலு தவறுகிறது, அது யாரோ ஒருவரின் சம்பளம். அதனால் கமெராக் கணக்கும் டிரைவரின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஆள் வீடியோவைப் பார்க்கவேண்டும், அதுவரை காசு வெட்டக்கூடாது என்று எழுதிக் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

அண்ணை இன்னும் பேப்பரிலும் எழுதித்தான் வைக்கிறார். கேட்டதற்கு, "உம்மட கமெராவில நம்பிக்கை இருக்கு தம்பி. பேப்பரில இன்னும் கொஞ்சம் கூட இருக்கு" என்றார்.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.